வேலை உறுதியாகும் முன் சம்பளச் சிட்டை கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலும் யாழ்ப்பாணத்தவர்களுக்காகக் கொழும்பிலும் ஆட்சேர்ப்புச் செய்யும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினருக்கும், அவர்களின் சார்பில் விண்ணப்பதாரரைத் தேடித் தரும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு கணக்கு மேற்பார்வையாளர் பதவிக்கு அண்மையில் விண்ணப்பித்திருந்தேன். சுயவிபரக் கோவையைப் பார்த்த ஆட்சேர்ப்பு அதிகாரி தொலைபேசியில் பத்து நிமிடம் நல்ல முறையில் உரையாடினார். அன்று மாலையே வந்த மின்னஞ்சல், முதலாவது நேர்முகத் தேர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன்பாகக் கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளை அனுப்பும்படி கேட்டது. வேலை தருவதாக எவரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பதவிக்கு என்ன சம்பளம் என்பதும் சொல்லப்படவில்லை. சிட்டைகளை இப்போது அனுப்ப இயலாது என்றும், தெரிவுக்குத் தேவையான மற்றெல்லா விபரங்களையும் உடனே தருகிறேன் என்றும் பதில் எழுதினேன். “இது எங்களுடைய வழமையான நடைமுறை” என்ற ஒரு வரிப் பதில் வந்தது. அந்த வரிக்கு ஓர் ஆளுக்கு மட்டும் விளக்கம் எழுதுவதை விட, இதே கோரிக்கையை நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் எழுதுவது பயனுள்ளது என்று தோன்றியது.

நான் ஒத்துழைக்க மறுப்பவன் அல்லன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். என்னுடைய எதிர்பார்ப்புச் சம்பளத்தை எழுத்தில் தந்திருக்கிறேன்; அதுவும் கழிவுகளுக்கு முந்திய மாத மொத்தம் என்றும், நிறுவனம் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதிப் பங்கு அதனுள் அடங்காது என்றும் குறிப்பிட்டே தந்திருக்கிறேன். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், எந்தத் திகதியில் வேலையைப் பொறுப்பேற்கலாம், முன்னர் பணியாற்றிய இடங்களில் யாரை விசாரிக்கலாம் என்பவற்றையும் சொல்லியிருக்கிறேன். தொழில்முறைச் சான்றிதழ்களின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன். பரீட்சை வைப்பதென்றால் எழுதுகிறேன். தராமல் வைத்திருப்பது ஓர் ஆவணத்தை மட்டுமே. அதையும் உரிய கட்டம் வரும்வரைக்கும்தான்.

இந்த விடயத்தில் எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் நான் சம்பளச் சிட்டை பெறுபவன் மட்டுமல்லாமல் அதைத் தயாரிப்பவனும் என்பதுதான். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை முடித்து, ஒவ்வொருவருக்கும் உரிய சிட்டையைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது என் மேசை வேலைகளில் ஒன்று. ஆகவே அந்த ஒரு பக்கத் தாளில் என்னவெல்லாம் இருக்கின்றன என்பதை நன்கு அறிவேன். மேற்பகுதியில் பெயர், பதவி, ஊழியர் இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், பல இடங்களில் தேசிய அடையாள அட்டை இலக்கம், சம்பளம் வைப்பிலிடப்படும் வங்கியும் கணக்கிலக்கமும் இருக்கும். நடுவில் அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவுகளும் வரும். அதன் கீழே கழிவுகள். ஒருவருடைய வீட்டு நிலைமையை அறிய விரும்பும் எவருக்கும் அந்தக் கழிவுப் பகுதியே போதும். ஊழியர் கடன் தவணை, பண்டிகை முற்பணம், நலன்புரிச் சங்கச் சந்தா, தொழிற்சங்கச் சந்தா, சிலருக்கு நீதிமன்றக் கட்டளைப்படி பிடிக்கப்படும் பராமரிப்புப் பணம், எல்லாம் வரிவரியாக அங்கே நிற்கும். தாயாரை யாழ் போதனா வைத்தியசாலையில் வைத்துப் பார்த்துக்கொண்ட மாதத்தில் ஒருவர் எடுத்த சம்பளமற்ற லீவும் “நோ பே” என்ற பெயரில் தொகையோடு பதிவாகியிருக்கும். ஏன் எடுத்தார் என்பதைச் சிட்டை சொல்லாது. அடிக்கடி வேலைக்கு வராதவர் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வதைத் தடுக்கவும் செய்யாது.

கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்லையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் சிட்டைக் கோப்பை ஊழியரின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டே பூட்டி அனுப்புகின்றன. சிட்டையை உங்களுக்கு அனுப்புபவர், அது திறபட வேண்டும் என்பதற்காக, அடுத்த வரியில் அந்த இலக்கத்தையும் எழுதி அனுப்புகிறார். நம்முடைய அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை எண் அன்று: பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதும் அதிலேயே இருக்கின்றன, பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எனவே வயதைக் கேட்பதில்லை என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் நிறுவனத்துக்கும் வயது கிடைத்துவிடுகிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம், வேலை செய்யும் இடம் ஆகிய நான்கும் ஒரே மின்னஞ்சலில் சேர்ந்து கிடப்பது எவருக்கும் பாதுகாப்பானதன்று.

அந்தரங்கத்தை விட்டுவிடுவோம். வெறும் சம்பள நிர்ணயக் கருவி என்ற அளவிலேனும் சிட்டை சரியானதா என்று பாருங்கள். யாழ்ப்பாண நகரில் தனியார் நிறுவனமொன்றில் கணக்கு உத்தியோகத்தராக இருக்கும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 110,000 ரூபா. போக்குவரத்துக்கும் தொலைபேசிக்குமாக 25,000 ரூபா. மொத்தம் 135,000 ரூபா. அவருடைய நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தின் மீதே சேமலாப நிதியைக் கணிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஊழியர் பங்கான 8 வீதம் 8,800 ரூபா. மோட்டார் சைக்கிளுக்காக நிறுவனத்திடம் பெற்ற கடனின் தவணை 14,000 ரூபா. தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தில் இம்மாதத் தவணை 10,000 ரூபா. முத்திரைத் தீர்வை 25 ரூபா. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையிலான சம்பளத்துக்கு மாதாந்த வருமான வரிப் பிடித்தம் இல்லை என்பதால் வரி என்ற வரி அவருடைய சிட்டையில் வராது. கழிவுகள் 32,825 ரூபா போக, கையில் கிடைப்பது 102,175 ரூபா. சிட்டையின் அடியில் தடித்த எழுத்தில், பெட்டி கட்டி நிற்பது இந்த எண்தான்.

உங்களில் பலர் செய்வது என்ன? அந்தத் தடித்த எண்ணை எடுத்து, அதற்கு மேல் 20 வீதம் போட்டு, நல்ல உயர்வு கொடுத்ததாக எண்ணிக்கொள்கிறீர்கள். 102,175 ரூபாவுக்கு 20 வீதம் கூட்டினால் 122,610 ரூபா. அதை மொத்தச் சம்பளமாக எழுதித் தந்தால், அவர் இன்று பெறும் மொத்தத்தை விட 12,390 ரூபா குறைவு. கடனும் முற்பணமும் அவர் ஏற்கெனவே பெற்றுச் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பவை. அவை அவருடைய சம்பளத்தின் அளவைக் குறைப்பவை அல்ல. இந்த வேறுபாடு கணக்குப் படித்த எவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாளைக்கு நாற்பது சிட்டைகளைப் புரட்டும் ஆட்சேர்ப்பு அதிகாரியின் கண் பெட்டி கட்டிய எண்ணிலேயே போய் நிற்கிறது. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தத் தாள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

மறுபக்கத்திலும் இதே தடுமாற்றம் உண்டு. அவருக்காக இன்றைய நிறுவனம் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தன் பங்காகச் செலுத்துகிறது. 110,000 ரூபாவுக்கு அவை முறையே 13,200 ரூபாவும் 3,300 ரூபாவும் ஆகின்றன. நிறுவனத்துக்கு அவரால் ஏற்படும் மாதச் செலவு 151,500 ரூபா. இப்போது புதிய நிறுவனம் ஒன்று “150,000 ரூபா மொத்தப் பெக்கேஜ்” என்று சொன்னால், 135,000 ரூபா பெறுபவரின் காதில் அது 15,000 ரூபா உயர்வாக விழுகிறது. அந்தப் பெக்கேஜுக்குள் நிறுவனப் பங்களிப்புகளும் அடக்கம் என்றால் உண்மையில் அது 1,500 ரூபா குறைவு. டிசம்பரில் அவருக்குக் கிடைக்கும் ஒரு மாதப் போனஸ் நீங்கள் கேட்ட மூன்று மாதச் சிட்டைகளில் எங்கும் இல்லை; பன்னிரண்டால் பிரித்தால் அது மாதத்துக்கு 9,000 ரூபாவுக்கு மேல் வரும். இனி, ஆண்டுக் கணக்கு முடிப்புக் காலத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவு வாங்கிய ஒருவர் அந்த மூன்று மாதச் சிட்டைகளைத் தந்தால் ஏமாறப் போவது நீங்கள்தான். சிட்டை ஒரு மாதத்தில் நடந்த கொடுக்கல் வாங்கலின் பதிவு. ஒருவருடைய வேலைக்கு என்ன விலை என்பதை அதிலிருந்து பெறப் பார்ப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். முதலாவது, எங்களுடைய வரவுசெலவுக்குள் நீங்கள் அடங்குவீர்களா என்று அறிய வேண்டும் என்பது. இது நியாயமான கவலை. நான்கு சுற்று நேர்முகத் தேர்வு முடிந்தபின் சம்பளம் ஒத்துவரவில்லை என்றால் இரு தரப்புக்கும் நேரம் வீண். ஆனால் அதை அறிய என் எதிர்பார்ப்பும் உங்கள் வரையறையும் போதும். நீங்கள் “இந்தப் பதவிக்கு 140,000 ரூபாவிலிருந்து 170,000 ரூபா வரை” என்று சொன்னால், ஒரே நிமிடத்தில் என்னால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட முடியும். நான் இன்று எவ்வளவு பெறுகிறேன் என்பது அந்தக் கேள்விக்கு விடையே அன்று. இன்றைய சம்பளம் மிகக் குறைவு என்பதனாலேயே ஒருவர் வேலை மாற நினைக்கலாம். அதே குறைவான எண்ணையே அவருடைய அடுத்த சம்பளத்துக்கும் அடித்தளமாக வைத்தால், யாழ்ப்பாணத்தில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் கொழும்பிலும் மலிவாகவே இருக்க வேண்டியதாகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் குறைந்த சம்பளத்தில் மீண்டும் வேலைக்கு வந்த பெண்களுக்கு இது இன்னும் நீண்ட காலம் தொடர்கிறது.

இரண்டாவது காரணம், விண்ணப்பதாரர்கள் தற்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது. சிலர் அப்படிச் செய்வது உண்மைதான்; நானும் கண்டிருக்கிறேன். இதில் என் நிலைப்பாடு தெளிவானது. தன் பேரத்துக்கு ஆதாரமாக இன்றைய சம்பளத்தைத் தானாக முன்வைப்பவர், பின்னர் அதை நிரூபிக்கக் கேட்டால் மறுக்க முடியாது. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் என் சம்பளத்தைச் சொல்லவும் இல்லை, அதைக் காட்டிப் பேரம் பேசவும் இல்லை. சொல்லாத ஒன்றைச் சரிபார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. நான் உண்மையிலேயே அந்த நிறுவனத்தில், சொன்ன பதவியில், சொன்ன காலத்துக்கு வேலை செய்கிறேனா என்பதே உங்கள் சந்தேகம் என்றால், சம்பளமே குறிப்பிடாத சேவை உறுதிக் கடிதம் அதைத் தீர்க்கும்.

யாழ்ப்பாணம் என்பதால் கூடுதலாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இங்கே ஒரு துறைக்குள் உள்ள நிறுவனங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு நிறுவனத்தின் மனிதவள அதிகாரியும் அடுத்த நிறுவனத்தின் கணக்காளரும் ஒரே பாடசாலையில் படித்தவர்களாகவோ சம்பந்திகளாகவோ இருப்பது அரிதன்று. முகவருக்குத் தனி மின்னஞ்சலில் போன சிட்டை, அவரிடமிருந்து வாடிக்கையாளர் நிறுவனத்துக்கும், அங்கிருந்து பிரிவு முகாமையாளரின் வட்ஸ்அப்புக்கும் போகும்போது அனுப்பியவருக்குத் தெரிவதில்லை. வேலை கிடைக்காமற்போன பிறகும் அது அங்கேயே கிடக்கும். ஒருவர் வேலை தேடுகிறார் என்ற செய்தி இன்றைய முதலாளியின் காதுக்கு எட்டுவதற்கு இதைவிடக் குறுகிய வழி இல்லை. அத்தோடு, பலருடைய நியமனக் கடிதத்தில் சம்பள விபரங்களை வெளியாருக்குத் தெரிவிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. என்னுடையதிலும் இருக்கிறது. இன்றைய நிறுவனத்துக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்கை உங்களுக்காக மீறுபவர், நாளை உங்களுக்குக் கொடுக்கும் வாக்கை என்ன செய்வார் என்று நீங்களே யோசிக்க வேண்டும்.

சட்டத்தைக் காட்டி எவரையும் மிரட்டுவது என் எண்ணமன்று. நீங்கள் கேட்டதைக் குற்றம் என்று நான் கூறவுமில்லை. எனினும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் நிறுவனங்கள் ஏற்கெனவே படித்திருக்கும். அதன் நடைமுறைத் திகதிகள் தள்ளிப்போடப்பட்டு வந்தாலும், அதன் அடிப்படை எளிமையானது: சேகரிக்கும் தரவு சொல்லப்பட்ட நோக்கத்தோடு தொடர்புடையதாகவும், அதற்குத் தேவையான அளவை மீறாததாகவும் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதா என்று தீர்மானிக்க என் வங்கிக் கணக்கிலக்கம் எந்த வகையில் தேவை? ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு இங்கிருந்து வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய சம்பள வெளிப்படைத்தன்மைப் பணிப்புரையையும் பார்க்கலாம். அதன்படி விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. மாறாக, பதவிக்குரிய ஆரம்பச் சம்பளத்தை அல்லது அதன் வீச்சை நிறுவனமே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அது நம்மைக் கட்டுப்படுத்தாது. எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்கு: சம்பளத் தொகை பேசி முடித்து வேலை முன்வைக்கப்பட்ட பிறகு, பழைய சம்பளத்தை உறுதிப்படுத்திக்கொள்ள அங்கே தடையில்லை. அதற்கு முன் கேட்பதுதான் தடை. நான் உங்களிடம் கேட்பதும் ஏறக்குறைய அந்த வரிசை மாற்றத்தைத்தான்.

ஆகவே உங்கள் நடைமுறையை இப்படி மாற்றிப் பாருங்கள். முதல் அழைப்பில் நீங்கள் பதவியின் சம்பள வீச்சைச் சொல்லுங்கள். விண்ணப்பதாரர் தன் எதிர்பார்ப்பைச் சொல்லட்டும். இரண்டும் பொருந்தினால் தெரிவை நடத்துங்கள். தெரிவு முடிந்ததும், அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், சேமலாப நிதி எந்தத் தொகையின் மீது கணிக்கப்படும், போனஸ் உண்டா என்பவற்றைத் தனித்தனியாக எழுதி, “பின்வரும் ஆவணங்கள் சரிபார்க்கப்படுவதற்கு உட்பட்டது” என்ற நிபந்தனையோடு வேலைவாய்ப்புக் கடிதத்தைத் தாருங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் சேவை உறுதிக் கடிதத்தைத் தருகிறேன். நான் சம்பளத்தைச் சொல்லியிருந்தால் மட்டும், ஒரே ஒரு மாதச் சிட்டையைக் கழிவுகளும் கணக்கிலக்கமும் மறைத்துத் தருகிறேன், அல்லது அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து காட்டித் திரும்ப எடுத்துச் செல்கிறேன். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, சேமலாப நிதி இலக்கம் ஆகியவை வேலையில் சேரும் நாளில் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும். அன்று அவற்றை எந்தத் தயக்கமும் இன்றித் தருவேன்.

மறைத்துத் தருவது பற்றி ஒரு சிறு குறிப்பு, இது உங்களுக்கும் விண்ணப்பதாரருக்கும் பொதுவானது. பிடிஎஃப் கோப்பில் எண்களின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்துவிட்டால் அவை மறைந்துவிட்டன என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் எழுத்து அடியில் அப்படியே இருக்கும்; அந்த இடத்தைத் தெரிவு செய்து பிரதியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும். தாளில் அச்சிட்டு, மறைக்க வேண்டியதன் மேல் தாள் துண்டு ஒட்டி, அதன் பிறகு ஸ்கான் செய்து அனுப்புவதே நம்பகமானது. அப்படி மறைத்து அனுப்பப்பட்ட சிட்டையைப் பார்த்து “திருத்தப்பட்ட ஆவணம்” என்று நிராகரிக்காதீர்கள். எண்ணை மாற்றுவது மோசடி. தேவையற்ற எண்ணை மூடுவது மோசடியாகாது.

நான் அனுப்பிய பதிலை இங்கே முழுமையாகத் தருகிறேன். அது மரியாதைக் குறைவானதா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்: “தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. இப்பதவியில் எனக்கு ஆர்வம் உண்டு. என் எதிர்பார்ப்புச் சம்பளத்தையும் பொறுப்பேற்கக்கூடிய திகதியையும் இத்துடன் தெரிவிக்கிறேன். என்னுடைய தற்போதைய நியமன நிபந்தனைகளின்படி சம்பளச் சிட்டைகளைத் தற்சமயம் பகிர இயலாதுள்ளது. எழுத்துமூல வேலைவாய்ப்புக் கடிதம் கிடைத்தபின், சேவையை உறுதிப்படுத்தும் ஆவணங்களைத் தாமதமின்றித் தருவேன். இப்பதவிக்கு ஒதுக்கப்பட்டுள்ள சம்பள வீச்சை அறியத் தந்தால் இரு தரப்புக்கும் உதவியாக இருக்கும்.”

இப்படி எழுதினால் சில இடங்களில் விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடும் என்பதை அறிந்துதான் எழுதினேன். வேறு வேலை இல்லாமல், வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற நிலையில் உள்ள ஒருவர் சிட்டையை அனுப்பினால் அவரை நான் குறை கூறமாட்டேன். அவருடைய நிலையில் மறுப்பதற்கு விலை அதிகம். எனக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது, அதனால் மறுக்கும் வசதியும் இருக்கிறது. அந்த வசதி இல்லாதவர்களிடமிருந்தே இத்தாள்கள் அதிகமாக உங்கள் கைக்கு வருகின்றன என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

மேற்படி பதவிக்கான என் விண்ணப்பத்தை நான் மீளப் பெறவில்லை. சனிக்கிழமை முற்பகலிலும், கிழமை நாட்களில் மாலை 5 மணிக்குப் பிறகும் நேர்முகத் தேர்வுக்கு வர முடியும். சம்பள வீச்சை எழுத்தில் தந்தால் அன்றே பதில் அனுப்புவேன்.

இங்ஙனம்,
கணக்கு உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.